உப்புக் காற்றில் எது தாங்கும்: லீவர் பூட்டா, சிலிண்டர் பூட்டா?

எங்கள் வீடு தூத்துக்குடியில், கடலிலிருந்து நடந்தால் பத்து நிமிடம். வாசல் இரும்புக் கேட்டில் மூன்று வருடத்துக்கு முன் சிலிண்டர் வகைத் தொங்கு பூட்டு ஒன்று மாட்டினோம். பின்வாசலில் திண்டுக்கல் லீவர் பூட்டு. இப்போது இரண்டு இடத்திலும் லீவர்தான். ஏன் மாறினோம் என்பதைச் சொல்கிறேன்.

வசதியில் சிலிண்டர் பூட்டுக்குத்தான் முதலிடம். சாவி சின்னது, சட்டைப்பையில் கனக்காது. அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும். லீவர் பூட்டின் சாவி கனமானது, பெரும்பாலும் சாவியைத் திருப்பித்தான் பூட்ட வேண்டும். விலை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

வித்தியாசம் உள்ளே இருக்கிறது. எங்கள் கேட் பூட்டில் ஒன்றரை வருடத்திலேயே சாவி உள்ளே போகும், ஆனால் திரும்பாது. ஆட்டி ஆட்டித் திறப்போம். சாவியை வெளியே எடுத்தால் பல்லில் கறுப்பும் பச்சையுமாகப் பொடி ஒட்டியிருக்கும். அம்மா தேங்காய் எண்ணெய் விட்டார்கள். இரண்டு நாள் நன்றாக இருந்தது, பிறகு முன்பைவிட மோசமானது. எண்ணெய் தெருப் புழுதியைப் பிடித்துக் களிம்பாகிவிட்டது.

பூட்டு ரிப்பேர் செய்யும் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். திறந்து காட்டினார். அரிசி மணி அளவில் பித்தளைப் பின்கள், ஒவ்வொன்றின் தலையிலும் முடி போல மெல்லிய சுருள் கம்பி. சாவியின் பல் ஒவ்வொரு பின்னையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் உருளை சுழலும். கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் நின்றுவிடும். எங்கள் பூட்டில் ஒரு சுருள் கம்பி துருவில் முறிந்து, அந்தப் பின் மேலேயே சிக்கியிருந்தது. "இந்தக் கம்பிக்கு அளவு தேடி அலையணும் தம்பி, புதுசு வாங்கிருங்க" என்றார்.

பின்வாசல் பூட்டையும் கொடுத்தேன். அதன் தறையாணிகளை எடுத்துவிட்டால் உடல் இரண்டாகப் பிரிகிறது. உள்ளே பட்டையான பித்தளைத் தகடுகள், அவைதான் லீவர்கள். சாவி ஒவ்வொன்றையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கும்போது அவற்றின் வெட்டுகள் ஒரே நேர்கோட்டில் வந்து தாழ் நகர வழிவிடும். தகடுகள் பெரியவை, இடைவெளியும் தாராளம். அதனால் கொஞ்சம் உப்பும் தூசியும் போனாலும் வேலை செய்கிறது. அண்ணாச்சி மண்ணெண்ணெயில் கழுவி, காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, புது ஆணி அடித்துக் கொடுத்தார். அரை மணி நேர வேலை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குப் பெருமைதான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரியது, பிரித்துச் சரிசெய்ய ஆள் கிடைப்பது.

லீவரிலும் குறை உண்டு. சாவித் துவாரம் பெரியது, மழை நேராக இறங்கும். துவாரத்தின் மேல் தொங்கும் மூடித்தகடு உள்ளதாக வாங்க வேண்டும். பின்வாசலில் கூரை நிழல் இருந்தது, கேட்டில் இல்லை என்பதையும் கணக்கில் வையுங்கள். என் ஒப்பீடு முழுக்கச் சமமானது அல்ல. துருப்பிடிக்காத சுருள் கம்பி உள்ள விலை கூடிய சிலிண்டர் பூட்டை நான் பயன்படுத்தியதில்லை.

வாங்கும்போது கையில் ஒரு காந்தம் கொண்டுபோங்கள். வளையம் பெரும்பாலும் எஃகு, அதில் ஒட்டும். உடலில் ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு. ஒட்டாவிட்டாலும் அடிப்பக்கம் லேசாக அரம் வைத்துப் பாருங்கள். மஞ்சள் போய் வெள்ளை தெரிந்தால் துத்தநாகக் கலவை, கடற்கரைக்கு ஆகாது.

பெட்டியில் '7 லீவர்' என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம். அந்த எண், கள்ளச்சாவிக்கும் கம்பி விட்டுத் திறப்பதற்கும் எதிரானது. வளையத்தை வெட்டினால் அது உதவாது. ஐரோப்பிய EN 12320 தரத்தில் தொங்கு பூட்டுகளை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். அதில் வளையத்தை இழுத்தும் வெட்டியும் சோதிப்பார்கள். நம்மூர்க் கடையில் அந்த எண் எழுதிய பூட்டு அரிது. அதனால் வளையத்தில் 'HARDENED' என்று பொறித்திருக்கிறதா, விரல் தடிமனாவது இருக்கிறதா என்று பார்ப்பேன்.

கேட்டில் இப்போது தொங்குவது மூடித்தகடு வைத்த லீவர் பூட்டு. ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை, தை பிறந்ததும் ஒருமுறை மண்ணெண்ணெயில் கழுவி எண்ணெய் விடுகிறேன். ஒன்றேகால் வருடமாகச் சாவி ஒரே திருப்பில் திரும்புகிறது.