கறுப்பு-வெள்ளையா, சாம்பலா? பழைய ஆதாரத்தை ஸ்கேன் செய்யும்போது

பாலக்காடு சித்தூர் பக்கம் நில நோட்டீஸுக்கு போர்ட்டலில் பதில் போட அக்ஷயா மையத்துக்குப் போனால் இந்தக் கேள்வி வரும். எட்டுப் பக்க ஆதாரம், அதாவது நிலப் பத்திரம்; அதை 2 எம்பிக்குள் ஒரே பிடிஎஃப் ஆக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

அளவு: கறுப்பு-வெள்ளையில் 300 டிபிஐ வைத்தாலும் பக்கம் சுமார் 100 கேபிதான். சாம்பலில் 200 டிபிஐக்கே 300 கேபி வரை போகும். எட்டுப் பக்கம் 2.4 எம்பி, ஏறாது.

தெளிவு: டைப் அடித்த பக்கம் கறுப்பு-வெள்ளையில் கூர்மையாக வரும். ஆனால் வெளிறிய ஊதா முத்திரை காணாமல் போய்விடும், பழுப்பேறிய தாள் கரும்புள்ளியாக அப்பும். சர்வே எண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். 3 எது, 8 எது என்று தடுமாறினால் அந்தப் பக்கம் சாம்பல்தான்.

முத்திரை உள்ள இரண்டு பக்கம் சாம்பல், மீதி ஆறும் கறுப்பு-வெள்ளை என்று சேர்த்தால் 1.2 எம்பியில் முடியும். என் ஓட்டு இதற்கே. முழுதும் கையால் எழுதிய ஆதாரம் என்றால் எல்லாமே சாம்பல். போர்ட்டல் விட்டால் இரண்டு கோப்பாகப் பிரியுங்கள்.

பெயர் `01_aadharam_p1-4.pdf` மாதிரி இருக்கட்டும். இடைவெளியோ மலையாள எழுத்தோ இருந்தால் சில போர்ட்டல்கள் திருப்பி அனுப்பிவிடும்.