திறந்த பால்மாவு டின்: அலமாரியா, ஃபிரிட்ஜா, கண்ணாடி ஜாடியா?

முழுக்கப் பால்மாவையே குடிக்கும் குழந்தை இருக்கும் வீட்டில் இந்தக் கேள்வி அவ்வளவாக எழாது. ஐந்து கிலோ எடையுள்ள குழந்தை நாளுக்கு 750 மி.லி. குடித்தால், 400 கிராம் டின் நான்கு நாள்கூடத் தாங்காது. கெட்டுப்போக நேரமே இல்லை. சிக்கல், தாய்ப்பாலோடு இரவு ஒரு வேளை மட்டும் மாவைக் கலக்கும் வீட்டில்தான். அங்கே ஒரே டின் வாரக்கணக்கில் திறப்பதும் மூடுவதுமாகக் கிடக்கும். அந்த டின்னை மனத்தில் வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

முதலில் இடம். ஃபிரிட்ஜில் வைத்தால் எதுவும் கெடாது என்ற நம்பிக்கை பல வீடுகளில் உண்டு; எங்கள் வீட்டிலும் இருந்தது. சமைத்த குழம்புக்குப் பொருந்தும் அந்தக் கணக்கு, உலர்ந்த மாவுக்குத் தலைகீழ். குளிர்ந்த டின்னை வெளியே எடுத்துத் திறந்ததும், அறையின் ஈரக்காற்று உள்ளே புகுந்து, குளிர்ந்த தகரத்திலும் மாவின் மேற்பரப்பிலும் பட்டுத் துளியாகப் படிகிறது. ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைப் போலத்தான். நாளுக்கு ஒரு முறை எடுத்தால் மாதத்திற்கு முப்பது வியர்வை. ஃப்ரீசரிலும் இதே கதைதான், இன்னும் மோசமாக.

அலமாரி நல்லது, ஆனால் எந்த அலமாரி என்பது முக்கியம். அடுப்புக்கு மேலே இருப்பது வேண்டாம்: அங்கே வெப்பமும் ஆவியும் சேர்ந்தே வருகின்றன. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலும் வேண்டாம். வெயில் படாத, அறை வெப்பநிலையில் உள்ள, காய்ந்த தட்டு ஒன்று போதும். இந்தப் போட்டியில் அலமாரி தெளிவாகவே வெல்கிறது.

அடுத்து, சொந்த டின்னா, வேறு டப்பாவா. இறுக்க மூடும் கண்ணாடி ஜாடி பார்க்க அழகு; மாவு எவ்வளவு மிச்சம் என்பதும் தெரியும். ஆனால் கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடும். வெளிச்சம் சில வைட்டமின்களையும் கொழுப்பையும் தாக்கும். அதைவிடப் பெரிய குறை, டின்னோடு காலாவதித் தேதியும் தொகுதி எண்ணும் குப்பைக்குப் போய்விடுவது. ஒரு தொகுதியைத் திரும்பப் பெறுவதாக நிறுவனம் அறிவித்தால், உங்கள் ஜாடியில் இருப்பது அதுதானா என்று எப்படிச் சொல்வீர்கள்? மேலும், அடியில் பழைய மாவு இரண்டு விரற்கடை இருக்கும்போதே புதியதைக் கொட்டுகிறோம். அப்போதிருந்து ஜாடிக்குத் திறந்த தேதி என்று ஒன்று கிடையாது. அட்டைப் பெட்டிக்குள் உறையாக வரும் மாவுக்கு மட்டும் வெளி டப்பா உதவும். அங்கேயும் மாவைக் கொட்டாமல், உறையின் வாயை மடித்துக் கிளிப் போட்டு, உறையோடு டப்பாவுக்குள் வைப்பதே சரி.

இனி கரண்டி. என் கணக்கில் டின்னைக் கெடுப்பதில் முதலிடம் இதற்குத்தான். மாவுக்குள் புதைத்து வைப்பது எளிது, ஆனால் விரல் பட்ட கைப்பிடி மாவில் கிடக்கிறது. அடுத்த முறை அதைத் தேட விரலும் மாவுக்குள் இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் கழுவுவது சுத்தமாகத் தோன்றும், ஆனால் கைப்பிடியின் பள்ளத்தைப் பாருங்கள்: துடைத்த பின்னும் அங்கே ஒரு சொட்டு ஒளிந்திருக்கும். கழுவாத கரண்டியைவிட அரைகுறையாகக் காய்ந்த கரண்டி ஆபத்து. மூடியின் உட்புறத்திலோ டின்னின் விளிம்பிலோ உள்ள பிடிப்பில், மாவைத் தொடாமல் மாட்டி வைப்பதே இவற்றில் சிறந்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்திய பிறகுதான் கைப்பிடியைத் தொட வேண்டும். கரண்டி கீழே விழுந்தாலோ பிசுபிசுத்தாலோ கழுவி, இரவு முழுக்கக் காயவிட்டு மறுநாள் எடுக்கலாம். வேறு டின்னின் கரண்டியை இரவல் வாங்கக் கூடாது; கொள்ளளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், பால் நீர்த்தோ கெட்டியாகவோ போகும்.

யாரும் கவனிக்காத ஈரம் ஒன்று உண்டு. பாட்டிலில் சூடான தண்ணீரை முதலில் ஊற்றிவிட்டு அதன் மேல் மாவைக் கொட்டுகிறோம். கரண்டியைப் பாட்டில் வாயில் வைத்துத் தட்டும்போது கீழிருந்து எழும் ஆவி அதன் அடியில் படிகிறது. இரண்டாவது கரண்டிக்கு அதே ஈர அடி டின்னுக்குள் போகிறது. பிறகு கரண்டியில் ஒட்டிய மாவு கட்டியாகி டின்னில் உதிர்கிறது. இதற்கு எளிய வழி: சுத்தமான, காய்ந்த சிறு கிண்ணத்தில் வேண்டிய கரண்டிகளை முதலில் எண்ணிப் போட்டுக்கொண்டு, டின்னை மூடி அப்பால் வைத்த பிறகு தண்ணீரைத் தொடுவது. தூக்கக் கலக்கத்தில் எண்ணிக்கை தப்பினாலும் கிண்ணத்து மாவைத்தான் இழப்போம், டின்னையல்ல.

எவ்வளவு நாள்? டின்னில் அச்சிட்ட காலாவதித் தேதி, மூடி பிரிக்காத டின்னுக்கு. திறந்த பிறகு பொதுவாக ஒரு மாதம். சில டின்களில் நான்கு வாரம் அல்லது அதற்கும் குறைவாக எழுதியிருக்கும். இரண்டு தேதிகளில் எது முதலில் வருகிறதோ அதுவே கடைசி நாள். திறந்த தேதியை மூடியில் எழுதிவிடுங்கள். மூடிகள் இடம் மாறும் என்றால் டின்னின் உடலில்.

இப்போது இரவு ஒரு பாட்டில் குடும்பத்தின் கணக்கு. 90 மி.லி. பாலுக்கு மூன்று கரண்டி, கரண்டிக்கு 4.5 கிராம் என்று வைத்தால் நாளுக்கு 13.5 கிராம். 400 கிராம் டின் 29 நாளில் தீரும், கச்சிதம். 900 கிராம் டின்னோ 66 நாள் ஓடும். மாத முடிவில் பாதிக்கு மேல் மிச்சம், அதைக் கொட்டத்தான் வேண்டும். கிராம் கணக்கில் மலிவாகத் தெரிந்த பெரிய டின், இந்த வீட்டுக்கு மலிவல்ல.

கொட்ட மனம் வராதது இயல்புதான், மாவு பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் திறந்த நாளிலிருந்து காற்றின் ஆக்சிஜன் கொழுப்பைத் தாக்கத் தொடங்குகிறது, வைட்டமின்களும் மெல்லக் குறைகின்றன. சிக்கு வாடை, நிற மாற்றம், விரலால் அழுத்தியும் உடையாத கட்டி ஆகியவை இருந்தால், மாதம் முடியாவிட்டாலும் எறியுங்கள். அவை இல்லாததால் மாவு நல்லது என்று ஆகாது. தட்டினால் உதிரும் மென்மையான கட்டி மட்டும், பயணத்தில் மாவு அமுங்கியதால் வந்ததாக இருக்கலாம்.

எந்த முறையாலும் ஆகாத ஒன்று உண்டு. பால்மாவு கிருமி நீக்கப்பட்ட பொருளல்ல. குரோனோபாக்டர் என்ற பாக்டீரியா உலர்ந்த மாவில் பெருகாது, ஆனால் நெடுங்காலம் உயிரோடு கிடக்கும். ஈரமும் இளஞ்சூடும் கிடைத்தால் பெருகும். அதனால்தான் 2007இல் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதல், 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத தண்ணீரில் மாவைக் கலக்கச் சொல்கிறது: கொதிக்கவைத்த தண்ணீரை அரை மணி நேரத்திற்கு மேல் ஆறவிடாமல் கலந்து, பிறகு பாட்டிலைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றிக் கொடுப்பது. குறைமாதக் குழந்தைக்கும், இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கும், நோய் எதிர்ப்பு குறைந்த குழந்தைக்கும் இந்தக் கிருமியால் ஆபத்து அதிகம். அவர்களுக்குக் கிருமி நீக்கி வரும் திரவப் பாலைத் தர முடியுமா என்று டின்னைத் திறப்பதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.