தாமதக் கட்டணம்: இன்றைய தேதியா, திரும்பிய தேதியா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சிறு வாசகசாலைக்கு எக்செல் பதிவேடு என்று வைத்துக்கொள்வோம். B வழங்கிய தேதி, C கெடு தேதி (`=B2+14`), D திரும்பிய தேதி, E தாமத நாள். அபராதம் நாளுக்கு 1 ரூபாய். E-க்கு இரண்டு வழிகள்:

```
=MAX(0,TODAY()-C2)
=MAX(0,D2-C2)
```

2025 ஜூன் 1-ல் வாங்கிய புத்தகத்துக்குக் கெடு ஜூன் 15. வந்து சேர்ந்தது 20-ல். இரண்டாவது வழி 5 ரூபாய் காட்டி நின்றுவிடும். முதலாவது ஜூன் 30-ல் திறந்தால் 15 என்று காட்டும், ஜூலையிலும் ஏறிக்கொண்டே போகும். கட்டியவரிடமே மறுபடி கேட்டால் சண்டைதான்.

ஆனால் எனக்கு இரண்டாவதன் மேல்தான் சந்தேகம் அதிகம். புத்தகம் வராதவரை D காலி. காலியை எக்செல் பூஜ்யமாக எடுத்துக் கழிக்கும்; தேதியை அது எண்ணாக வைத்திருப்பதால், ஜூன் 15 கெடுவுக்கு விடை -45823. அதை MAX பூஜ்யமாக்கி மறைத்துவிடும். மாதக்கணக்கில் வராத புத்தகமும் தாமதமில்லை என்றே தெரியும். முதல் வழியின் பிழையையாவது வாசகரே வந்து சொல்லிவிடுவார். இதை யார் சொல்வார்?

இரண்டையும் இணைப்பதே நல்லது:

```
=IF(C2="","",MAX(0,IF(D2="",TODAY(),D2)-C2))
```

B காலியான வரிசையில் C-யும் காலியாக இருக்க, அங்கே `=IF(B2="","",B2+14)` என்று எழுதுங்கள்.