ஹாரன் சத்தம் குறைந்தால் உடனே புது ஹாரன் வாங்காதீர்கள்

என் காரின் ஹாரன் முனகத் தொடங்கியது. சில சமயம் சத்தமே வராது. ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஹாரனில் இருந்து கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரை அதில் வைத்து, இன்னொருவரை ஸ்டியரிங் பட்டனை அழுத்தச் சொல்லி, "பாருங்க சார், பன்னிரண்டு வோல்ட் வருது. ஹாரன்தான் போச்சு" என்றார் மெக்கானிக். ஹாரனுக்குக் கரண்டை விடும் சுவிட்சான ரிலேயும் பழசு என்று இரண்டையும் மாற்றினார்கள். சத்தம் நன்றாக வந்தது. பணம் கட்டிவிட்டு வந்தேன்.

கொஞ்ச நாளில் பழையபடி அதே முனகல். திரும்பப் போனால், இந்த முறை ஸ்டியரிங்குக்குள் இருக்கும் ஸ்பைரல் கேபிள் தேய்ந்துவிட்டது, ஸ்டியரிங்கைக் கழற்றி மாற்ற வேண்டும் என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அதைக் கழற்ற ஏர்பேக்கையும் கழற்ற வேண்டும். சரியான காரணம் இல்லாமல் அதில் கை வைக்கக் கூடாது.

அதோடு, பட்டனை அழுத்தும்போதெல்லாம் ரிலே 'டக்' என்று அடிப்பது எனக்குத் தெளிவாகக் கேட்டது. என் காரில், மற்ற பல கார்களைப் போலவே, ஸ்பைரல் கேபிள் வழியாகப் போவது ரிலேயின் காயிலை இயக்கும் சின்னக் கரண்ட் மட்டும்தான். ஹாரனுக்கான பெரிய கரண்ட் அந்தப் பக்கமே போவதில்லை. ரிலே ஒழுங்காக அடிக்கிறது என்றால் பட்டனும் கேபிளும் தம் வேலையைச் செய்கின்றன என்றுதான் பொருள். ஃபியூஸும் அப்படித்தான்: அது போயிருந்தால் ஹாரன் முனகாது, ஒரேயடியாக ஊமையாகிவிடும்.

வீட்டுக்கு வந்து நானே அளந்தேன். அவர்கள் செய்த சோதனையில் இருக்கும் ஓட்டையும் அப்போதுதான் வெளிப்பட்டது. கனெக்டரைக் கழற்றி அளந்தால் கரண்ட் ஓடாது. கரண்ட் ஓடாவிட்டால் துருப்பிடித்த இணைப்பில்கூட வோல்ட் குறையாது, மீட்டர் பன்னிரண்டைக் காட்டத்தான் செய்யும். ஹாரன் மாட்டியபடியே இருக்க வேண்டும், பட்டன் அழுந்தியிருக்க வேண்டும். கனெக்டரின் பின்பக்கம், ஒயர் நுழையும் இடத்தில் மெல்லிய ஊசியைச் செருகி, அந்த நிலையில் அளக்க வேண்டும்.

என் கார் ஹாரனில் இரண்டு ஒயர்: ஒன்று ரிலேயில் இருந்து வருவது, மற்றது பாடி எர்த்துக்குப் போவது. வீட்டில் ஒருவர் பட்டனை அழுத்த, ஹாரனின் இரண்டு முனைகளுக்கும் நடுவே வைத்தேன்: 7.5 வோல்ட். ஹாரன் ஏன் முனகியது என்பதற்கு இது போதும். ஆனால் மீதி எங்கே தொலைகிறது என்று தெரிய வேண்டுமே. மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியின் மைனஸில் வைத்துக்கொண்டு, சிவப்பை ஹாரனின் பிளஸில் வைத்தேன்: 12.1. அதாவது ஃபியூஸ், ரிலே, அதுவரை வரும் ஒயர் எல்லாமே நல்ல நிலையில் இருக்கின்றன. அப்புறம் சிவப்பை ஹாரனின் எர்த் முனைக்கு மாற்றினேன். அங்கே பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும், அரை வோல்ட்டைத் தாண்டினாலே சந்தேகப்படலாம். எனக்கு 4.6 காட்டியது.

எர்த் ஒயரைத் தொடர்ந்து போனால், பம்பருக்குப் பின்னால் பாடியில் ஒரு போல்ட். ஒயர் முனையின் வளையத்துக்கு அடியில் பச்சையும் துருவுமாகப் பொருக்கு கட்டியிருந்தது. போல்ட்டைக் கழற்றி, வளையத்தையும் பாடியில் அது உட்காரும் இடத்தையும் பளபளப்பு தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். மறுபடி அளந்தால் எர்த் பக்கம் 0.1, ஹாரனில் 12. முழுச் சத்தம்.

புது ஹாரன் முதலில் ஏன் வேலை செய்தது? மாற்றும்போது அந்த ஒயரை இழுத்து ஆட்டியிருப்பார்கள். துருவுக்கு நடுவே தற்காலிகமாக ஒரு தொடர்பு கிடைத்திருக்கும். பிறகு அதிர்விலும் ஈரத்திலும் அது போயிருக்கும்.

கழற்றிய பழைய ஹாரனைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். ஃபியூஸ் வைத்த ஒயரால் பேட்டரியில் நேராக ஒரு நொடி கொடுத்ததும் தெருவே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அலறியது. "போச்சு" என்று சொன்ன பொருள் இதுதான்.

உங்கள் காரில் எண்கள் வேறு மாதிரி வரலாம். பிளஸ் பக்கமே குறைவாக வந்தால் ரிலேயின் கருகிய காண்டாக்ட்டையும் ஃபியூஸ் சாக்கெட்டையும் பாருங்கள். அழுத்தியபடியே இரு முனைக்கும் நடுவில் முழு வோல்ட் வந்தும் சத்தம் இல்லையென்றால் மட்டும்தான் ஹாரன் மேல் பழி போடலாம். ஒரே ஒயர் உள்ள ஹாரனுக்கு அது மாட்டியிருக்கும் பட்டையே எர்த், துருவை அங்கே தேடுங்கள்.

அளவுகளை எழுதிக்கொண்டு போய் ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். மாட்டிய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஸ்பைரல் கேபிள் பேச்சை மட்டும் அப்புறம் எடுக்கவே இல்லை. அந்த இடத்துக்கு இனி நான் போவதாக இல்லை.