குறைந்தது 100 பேர்: ஒரே சமையல்காரரிடம் ஐந்து ஆண்டுகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனை டீக்கடைச் சுவரில் ஒரு சமையல்காரரின் பலகை தொங்குகிறது. அதே வாசகம் அவருடைய வாட்ஸ்அப் படத்திலும் இருக்கும்: "கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, காரியம். சைவம், அசைவம், சித்ரான்னம், பஃபே. குறைந்தது 100 பேர். 15 நாட்களுக்கு முன் பதிவு செய்யவும்." இந்த வாசகத்தை நம்பி 2019 முதல் 2024 வரை எங்கள் வீட்டில் நான்கு விசேஷங்களுக்கு அவரிடம் சமையல் கொடுத்தோம். சாப்பாட்டின் ருசியைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. நான் எழுத வந்தது அந்த வாசகத்தைப் பற்றி. அதில் இருக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் என்ன பொருள் என்பது எனக்கு விசேஷத்துக்கு விசேஷம்தான் புரிந்தது.

முதலாவது தங்கையின் வளைகாப்பு. வீட்டிலேயே வைத்தோம், மொட்டை மாடியில் பந்தல். கூப்பிட்டது அறுபது பேர். பலகையில் நூறு பேர் என்றிருக்கிறதே, அறுபதுக்குச் செய்வாரா என்று தயங்கித்தான் போனேன். "செய்வேன் தம்பி, ஆனால் நூறு இலைக்குத்தான் கணக்கு" என்றார். சித்ரான்னம் அப்போது ஆளுக்கு 90 ரூபாய். அறுபது பேருக்கு 5,400 ஆக வேண்டியது, நூறு என்றால் 9,000. எழுந்து வரப் பார்த்தேன்.

அவர் உட்கார வைத்து விளக்கினார். மாஸ்டருக்கு ஒரு நாள் கூலி, ஒரு உதவியாள், பரிமாற மூன்று பேர், அடுப்பும் பாத்திரமும் ஏற்றிவர ஒரு சின்ன வண்டி. இலை அறுபது என்றாலும் நூறு என்றாலும் இந்தச் செலவு மாறாது. அரிசியும் எண்ணெயும்தான் குறையும். நூறுக்குக் கீழே போனால் அவர் கையில் ஒன்றும் நிற்காது. ஆக, அந்த நூறு என்பது சோற்றுக்கான அளவு அன்று, ஆள்கூலிக்கான அளவு. இது விளங்கியதும் அடுத்த கேள்வி தானாக வந்தது: "பரிமாற ஆள் வேண்டாம், பாத்திரத்தில் இறக்கிவிட்டுப் போனால்?" சற்று யோசித்துவிட்டு, "அப்படியென்றால் ஐம்பது பேர் போதும்" என்றார்.

பலகையில் இல்லாத கணக்கு அது. புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல், கூடவே வடை, அப்பளம் எல்லாம் காலை பத்து மணிக்கு வந்து இறங்கின. அவருடைய கடையிலேயே மற்றொரு விசேஷத்துக்கான சமையலோடு சேர்த்துச் செய்து அனுப்பியிருந்தார். பாத்திரத்துக்காக 2,000 ரூபாய் வாங்கி வைத்துக்கொண்டு, மறுநாள் எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். பெரியம்மா மகள்கள் பரிமாறினார்கள். பந்தி முடியும்போது அவர்களுக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது என்பது வேறு கதை. இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

இரண்டாவது விசேஷத்தில்தான் சண்டை வந்தது. 2022இல் அதே தங்கையின் மகனுக்குக் காதுகுத்து, திருவொற்றியூரில் ஒரு சின்ன மண்டபம். தாய்மாமன் நான், சாப்பாட்டுச் செலவு என்னுடையது. மட்டன் பிரியாணி, தால்சா, தயிர் பச்சடி, சிக்கன் 65, முட்டை, பிரெட் அல்வா. இலைக்கு 380 ரூபாய், 150 இலை என்று பேச்சு. கிலோ அரிசிக்குக் கிலோ கறி என்பதை மட்டும் தனியாகச் சொல்லி எழுதி வாங்கினேன். கறியின் அளவைப் பேசாமல் விலையை மட்டும் பேசினால், குறைவது எப்போதும் கறிதான். இவர் பத்துப் பேருக்கு ஒரு கிலோ அரிசி என்று வைப்பவர். அப்படி 15 கிலோ அரிசி தேக்சாவில் விழுந்ததை என் சித்தப்பா கூடவே நின்று பார்த்தார்.

சாப்பாடு முடிந்து, மருமகன் என் மடியில் அழுது ஓய்ந்து தூங்கிக்கொண்டிருந்தபோது அவர் கணக்கோடு வந்தார். "171 இலை, தம்பி." இருபத்தோரு இலை கூடுதல், அதற்கு 7,980 ரூபாய்.

இங்கே இலைக் கணக்கு எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். சமையல்காரர் 200 இலை எண்ணிக் கொண்டுவருவார். விசேஷம் முடிந்ததும் மிச்சத்தை எண்ணிக் கழிப்பார். போனதெல்லாம் சாப்பிட்டது. அன்று மிச்சம் 29, அதனால் 171. கணக்கில் பொய் இல்லை. ஆனால் இலை போவதற்குச் சாப்பாட்டைத் தவிர வேறு வழிகளும் உண்டு.

என்னைக் காப்பாற்றியவர் சித்தப்பா. துறைமுகத்தில் சரக்கு எண்ணியே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் எண்ணாமல் இருக்க அவரால் முடியாது. பந்திக் கூடத்தின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பந்தியிலும் எத்தனை பேர் என்று பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். கூடத்தில் அறுபது பேர் உட்காரலாம். முதல் பந்தி நிறைந்தது, 60. இரண்டாவதும் 60. மூன்றாவதில் 36. ஆக 156.

மீதிப் பதினைந்து இலை எங்கே? மூவரும் சமையற்கட்டுக்குப் போனோம். விரிக்கும்போது கிழிந்ததால் மாற்றிப் போட்டவை எட்டு, ஒரு மூலையில் கிடந்தன. மாஸ்டரும் பரிமாறியவர்களுமாகச் சாப்பிட்டவை ஏழு. அவர் மறுக்கவில்லை. "கிழிந்த இலையும் காசு கொடுத்து வாங்கினதுதானே?" என்று மட்டும் கேட்டார். கேள்வி நியாயமானதுதான், ஆனால் கிழிந்த இலைக்கு இலையின் விலைதானே ஆகும். பிரியாணியின் விலை எப்படி ஆகும்? கடைசியில் கூடுதலாக வந்த ஆறு பேருக்கு மட்டும் 2,280 ரூபாய் கொடுத்தேன். வேலையாட்கள் சாப்பாட்டை அவரே விட்டுக்கொடுத்தார். கிழிந்த இலைக்கு நாற்பது ரூபாயை நான் நீட்ட, அவர் வாங்காமல் சிரித்துவிட்டார்.

அதன் பிறகு இரண்டு விஷயங்களை முன்கூட்டியே பேசிவிடுகிறேன். ஒன்று, கணக்கு இலையிலா, பந்தியில் உட்கார்ந்த தலையிலா என்பது. இரண்டாவது, சொல்லும் எண்ணிக்கை. 150 என்று சொல்லி 120 பேர் வந்தாலும் 150க்குத்தான் பணம். அது கீழே இறங்கவே இறங்காது. மேலே மட்டும் பத்து, பதினைந்து பேர் வரை தாங்கும், ஏனென்றால் சற்றுக் கூட்டிச் சமைக்காத மாஸ்டர் கிடையாது. ஆகவே கொஞ்சம் குறைத்தே சொல்லிவிட்டு, மூன்று நாள் முன்பு கடைசி எண்ணிக்கையை உறுதி செய்கிறேன். பஃபே என்றால் தட்டுக் கணக்கு. ஒருவரே இரண்டாம் முறை புதுத் தட்டை எடுத்தால் அவர் இரண்டு பேர். அதனால் நான் பஃபே பக்கமே போகவில்லை.

2023 வைகாசியில் சித்தி மகளுக்குக் கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்து. மாசியிலேயே முன்பணம் கொடுத்துத் தேதியைப் பிடித்துவிட்டோம். பலகையில் பதினைந்து நாள் என்றிருந்தாலும் வைகாசி முகூர்த்த ஞாயிறுக்குப் பதினைந்து நாள் என்பது பேச்சுக்குத்தான். நல்ல மாஸ்டர்கள் சிலரே. அவர்களைத்தான் எல்லோரும் சுற்றிச் சுற்றிக் கூப்பிடுகிறார்கள். ஒரே நாளில் மூன்று விசேஷம் ஒப்புக்கொண்டவர், ஒன்றைக் கை மாற்றித்தான் விட வேண்டும். அதனால் "நம் விசேஷத்துக்கு அடுப்பில் நிற்பது யார்?" என்று கேட்டுக்கொண்டேன். காதுகுத்துக்கு வந்த அதே மாஸ்டர் என்றார், வந்தார்.

கோட்டை விட்டது மீனில். மெனுவில் வஞ்சிரம் வறுவல் எழுதியிருந்தோம். வடசென்னையில் பிறந்து வளர்ந்தவன், காசிமேட்டுக்கு நடந்தே போகும் தூரத்தில் இருப்பவன், எனக்கே அது தோன்றவில்லை! ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஃபைபர் படகுகளில் வருகிற மீன் விருந்து அளவுக்குக் காணாது. பெரிய வஞ்சிரம் மேற்குக் கடற்கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் வர வேண்டும். விருந்துக்கு ஒரு வாரம் முன்பு அவர் போன் செய்து, பேசிய விலைக்கு வஞ்சிரம் கட்டாது, இலைக்கு 60 ரூபாய் கூட்டிக் கொடுங்கள் அல்லது ஐட்டத்தை மாற்றுங்கள் என்றார். மாசியில் பணம் வாங்கும்போதே வைகாசியில் தடை இருக்கும் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். சொல்லவில்லை. அவர் மேல் எனக்கிருக்கும் ஒரே உண்மையான வருத்தம் இதுதான். இறால் தொக்கும் நாட்டுக்கோழி வறுவலும் என்று மாற்றி, விலையை ஏற்றாமல் முடித்தோம். இறால் நன்றாகவே இருந்தது. ஆனாலும் மாப்பிள்ளையின் அப்பா மட்டும் இலையைப் பார்த்துவிட்டு, "காசிமேட்டுப் பக்கம் பெண் எடுத்தும் மீன் துண்டு இல்லையா?" என்று கேட்டார்.

நான்காவது, 2024இல் அப்பாவின் காரியம்.

பதினாறாம் நாளுக்குப் பதினைந்து நாள் முன்பதிவு என்பது யோசித்துப் பார்த்தால் விசித்திரமான பொருத்தம். மூன்றாம் நாள்தான் அவரை நினைத்தேன். போன் செய்வதற்குள் அவரே துக்கம் விசாரிக்க வந்து நின்றார். எண்ணிக்கை என்ன என்று கேட்டபோது என்னால் சொல்ல முடியவில்லை. யார் யார் வருவார்கள் என்று அப்பாவுக்குத்தான் தெரியும். "காரியத்துக்கு நூறு கணக்கெல்லாம் கிடையாது தம்பி. எண்பதுக்கு வைக்கிறேன். கூட வந்தால் கையோடு வடித்துக்கொள்ளலாம், சோறும் சாம்பாரும் எவ்வளவு நேரம் ஆகப்போகிறது" என்றார். முன்பணமும் கேட்கவில்லை. அன்று தொண்ணூற்றிரண்டு பேர் சாப்பிட்டார்கள். கடைசிப் பந்திக்கு மறுபடி ஒரு உலை வைத்தார்கள். வடையும் பாயசமும் தீர்ந்துபோய்விட்டன, யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. சித்தப்பா அன்றும் வாசலில் உட்கார்ந்து எண்ணினார், எதற்கென்று நானும் கேட்கவில்லை.

கணக்கை மறுநாள் அனுப்பினார். 92 தலை, 92 இலை என்று இரண்டையும் தனித்தனியாக எழுதியிருந்தார்.

வருகிற தை மாதத்தில் மகளுக்கு ஒரு விசேஷம் வைத்திருக்கிறோம். 120 இலை சொல்லி, 5,000 கொடுத்திருக்கிறேன். டீக்கடைப் பலகையைப் போன மாதம் புதிதாக எழுதியிருக்கிறார்கள். நூறு பேர், பதினைந்து நாள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. கீழே ஒரு வரி மட்டும் சேர்ந்திருக்கிறது: "மீன் விலை அன்றைய நிலவரப்படி." கிழிந்த இலையைப் பற்றி இன்னும் ஒன்றும் எழுதவில்லை.