துபாய் ஹாஸ்பிடலுக்கு மெயில் போட்டுத் தருகிறோம் என்று 28,500 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள். நர்ஸ்கள் கவனம்!

கை நடுங்குகிற கோபத்தில்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு மருத்துவமனைகளுக்கு நம் பெயரில் விண்ணப்ப மெயில் எழுதி அனுப்பித் தரும் ஆன்லைன் சேவை ஒன்று. பெயர் போடவில்லை, போட்டால் வக்கீல் நோட்டீஸ் என்று அதற்கும் ஒரு மிரட்டல் வரும். அவர்களிடம் 28,500 ரூபாய் போய்விட்டது.

நம்பியதற்குக் காரணம் அங்கிருந்து பேசிய பெண் போனில் கேட்ட முதல் கேள்வி. "சிஸ்டர், டேட்டாஃப்ளோ பாசிட்டிவா? எலிஜிபிலிட்டி லெட்டர் வந்துடுச்சா?" சர்டிபிகேட் சரிபார்ப்பு, தகுதிக் கடிதம் பற்றி நம் வேலையைத் தெரிந்தவர்தான் இப்படிக் கேட்க முடியும். தானும் முன்பு ஐசியுவில் இருந்தவர்தான் என்றார். நைட் டூட்டி, வென்டிலேட்டர் அலாரம், சீஃப் ரவுண்ட்ஸ் என்று கொஞ்ச நேரம் எங்கள் கதையே பேசினோம். அன்று இரவே யுபிஐயில் பணம் அனுப்பினேன்.

என் விவரம் இவ்வளவுதான்: தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் ஆர்என், ஆர்எம் பதிவு. ப்ரோமெட்ரிக் பரீட்சை பாஸ், துபாய் சுகாதார ஆணையமான டிஹெச்ஏவின் எலிஜிபிலிட்டி கையில். 1 வருஷம் மெடிக்கல் வார்டு, பிறகு 3 வருஷம் ஐசியு. எல்லாம் தெளிவாக எழுதிக் கொடுத்தேன்.

ஒரு மருத்துவமனையின் ஹெச்ஆர் பதில் போட்டபோதுதான் இவர்கள் அனுப்பிய மெயிலையே முதல்முறை பார்த்தேன். மூன்று பெரிய பத்தி. சின்ன வயதிலிருந்தே எனக்குச் சேவை மனப்பான்மையாம், ஒரு பத்தி முழுக்க அதுதான். கவுன்சில் பதிவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நடுவில் "டிஹெச்ஏ லைசென்ஸ் பெற்ற நர்ஸ், 6 வருட ஐசியு அனுபவம்" என்று அடித்துவிட்டிருக்கிறார்கள். ஹெச்ஆர் கேட்டது ஒரே வரி: லைசென்ஸ் எண் என்ன?

எங்கே போவேன் எண்ணுக்கு? எலிஜிபிலிட்டி என்பது தகுதி இருக்கிறது என்ற கடிதம் மட்டும்தான். வேலை தரும் மருத்துவமனை தன் பெயரில் ஆக்டிவேட் செய்த பிறகுதான் லைசென்ஸ். இது அங்கே ஹெச்ஆரில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். அனுபவமும் அப்படித்தான். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிடமே நேராகக் கேட்டுச் சரிபார்த்து எழுதியதுதான் டேட்டாஃப்ளோ ரிப்போர்ட். அதில் 4 இருக்க மெயிலில் 6 இருந்தால் யார் பொய் சொன்னதாக ஆகும்? கையெழுத்து இடத்தில் என் பெயரல்லவா இருக்கிறது!

போன் போட்டேன். "அதெல்லாம் ஒண்ணுதான் சிஸ்டர், டென்ஷன் ஆகாதீங்க" என்றார் அதே பெண். பிறகு சொன்னார் பாருங்கள், மீதி 2 வருஷத்துக்கு "சர்டிபிகேட் ரெடி பண்ணிடலாம், 12,000 ஆகும்" என்று. போலி அனுபவச் சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டினால் நெகட்டிவ் ரிப்போர்ட் வரும், துபாய் கனவே முடிந்துவிடும். முன்னாள் ஐசியு நர்ஸுக்கு இது தெரியாதாம். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் "ரீஃபண்ட் டீம் பேசுவாங்க" என்றார்கள். ரீஃபண்ட் டீம் "மேனேஜர் லீவு" என்றது. மேனேஜர் வந்ததும் "மெயில் அனுப்பிட்டோமே, சர்வீஸ் முடிஞ்சுது" என்றார். இப்போது என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். 28,500! என் ஒன்றரை மாதச் சம்பளம்.

அந்த ஹெச்ஆருக்கு நானே உட்கார்ந்து திருத்தி எழுதினேன். கவுன்சில் பதிவு நடப்பில் இருக்கிறது, பதிவு எண் இது. டிஹெச்ஏ எலிஜிபிலிட்டி இருக்கிறது, இந்தத் தேதி வரை செல்லும், லைசென்ஸ் ஆக்டிவேட் ஆகவில்லை. 10 படுக்கை மெடிக்கல் ஐசியுவில் 3 வருஷம், வென்டிலேட்டர் நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன், அதற்கு முன் வார்டில் 1 வருஷம். இத்தனை நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டுச் சேர முடியும். அவ்வளவுதான், நாலைந்து வரி. சப்ஜெக்ட்டில் பதவி, பிரிவு, எலிஜிபிலிட்டி மூன்றும். இதற்கா 28,500? பதில் இன்னும் வரவில்லை, வருமா என்றும் தெரியாது. முதல் மெயில் அங்கேயேதான் கிடக்கிறது.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், நைட் டூட்டிக்கு நேரமாகிவிட்டது. சுருக்கமாக: வேலை வாங்கித் தருவதாகச் சொன்னால் emigrate.gov.in தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்டா என்று பாருங்கள். பதிவு பெற்றவரே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தாண்டி வாங்கக் கூடாது. இவர்கள் "நாங்க ஏஜென்சி இல்ல, கன்சல்டன்சி" என்று நழுவினார்கள், அந்தச் சொல்லைக் கேட்டாலே போனை வையுங்கள். நீங்கள் படித்துப் பார்க்காத மெயில் உங்கள் பெயரில் போகக் கூடாது. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடியுங்கள். நான் இன்று காலைதான் அடித்தேன், புகார் எண் கொடுத்திருக்கிறார்கள்.