பழைய தாவல்களா, நிலையான பக்கங்களா: புதிதாக உலாவி பழகுபவருக்கு எது பொருந்தும்?

கோத்தகிரியில் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் என் பெரியப்பா, 68 வயதில் முதன்முறையாக ஒரு மேசைக்கணினி வாங்கினார். ஐப்பசி மழையில் மரக்கிளை மின்கம்பியில் விழுந்தால் வீட்டில் மின்சாரம் போய்விடும், அவரிடம் யு.பி.எஸ். கிடையாது. ஆகவே, உலாவியை மூடியபோது இருந்த தாவல்களோடு மறுபடியும் திறக்கும்படி அமைக்க வேண்டும் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். சில வாரங்கள் அவர் பயன்படுத்துவதைப் பார்த்த பிறகு அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டேன்.

குரோமில் அமைப்புகளுக்குள் "On startup" என்ற பகுதியில் மூன்று வழிகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றை மட்டுமே தேர்ந்தெடுக்க முடியும். புதிய வெற்றுத் தாவல் ஒன்று. விட்ட இடத்திலிருந்து தொடரும் "Continue where you left off" இன்னொன்று. நாம் குறித்துக்கொடுக்கும் பக்கங்கள் மூன்றாவது. ஃபயர்பாக்ஸில் இவை ஒரே இடத்தில் இல்லை. முகப்புப் பக்கம் ஓரிடத்திலும், "Open previous windows and tabs" என்ற கட்டம் வேறிடத்திலும் இருப்பதால், முகப்புப் பக்கத்தை ஒழுங்காகக் குறித்துவிட்டு இந்தக் கட்டத்தையும் குறியிட்டவர், தொடங்கும்போது தம் பக்கம் ஏன் வரவில்லை என்று குழம்புவது உண்டு. கட்டத்தில் குறி இருந்தால் பழைய தாவல்களுக்கே முதலிடம்.

மின்தடைக்காகப் பழைய தாவல்கள் என்ற வழியைத் தேர்ந்தெடுக்கத் தேவையே இல்லை என்பதைத்தான் நான் தாமதமாகப் புரிந்துகொண்டேன். இரண்டு உலாவிகளும் திறந்திருக்கும் தாவல்களின் பட்டியலை அவ்வப்போது வட்டில் எழுதிவைக்கின்றன. முறையாக மூடப்படாமல் நின்றுபோன குரோம் அடுத்த முறை திறக்கும்போது "Restore pages?" என்று ஒரு சிறு பெட்டியில் கேட்கும், ஃபயர்பாக்ஸ் பெரும்பாலும் கேட்காமலே மீட்டுத் தரும். பெரியப்பா அந்தப் பெட்டியை விளம்பரம் என்று எண்ணிப் பெருக்கல் குறியை அழுத்திவிட்டார். அப்போதும் Ctrl+Shift+T அழுத்தினால் பழைய தாவல்கள் வந்துவிடும் என்பதை ஒரு தாளில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டிவைத்தேன். ஆனால் வங்கிப் பக்கம் மீண்டு வந்தாலும், அதற்குள் வங்கித் தளம் நம்மை வெளியேற்றியிருந்தால் மறுபடியும் உள்நுழைய வேண்டியதுதான்.

பழைய தாவல்களைத் தொடரும் வழியில் இன்னொரு கவலையும் இருக்கிறது. நாம் உள்நுழைந்திருப்பதைத் தளங்கள் நினைவில் வைக்க உதவும், உலாவியை மூடியதும் அழிய வேண்டிய தற்காலிகக் குக்கிகளையும் அது சேர்த்தே மீட்பதால், மின்னஞ்சல் போன்ற தளங்களில் உள்நுழைவு அப்படியே நீடிக்கக்கூடும். அதே கணினியில் பேரனும் உட்காரும் வீட்டுக்கு இது ஏற்றதன்று. இருபது தாவல்களை வைத்துக்கொண்டு படிக்கும் பேரனுக்கோ இந்த வழியே வசதி. தொடக்க அமைப்பு உலாவியின் ஒவ்வொரு பயனர் சுயவிவரத்துக்கும் தனித்தனியாக இருப்பதால், அவனுக்கெனத் தனிச் சுயவிவரம் உருவாக்கிக் கொடுத்தேன். கைப்பேசி இணைப்பைப் பகிர்ந்து பயன்படுத்துபவர்களுக்கு ஃபயர்பாக்ஸே மேல்: மீட்ட தாவல்களை நாம் தொடும்போதுதான் அது ஏற்றுகிறது, குரோமோ பின்னணியிலேயே ஏற்றத் தொடங்கிவிடுகிறது.

பெரியப்பாவுக்கு மின்னஞ்சல், பட்டா சிட்டா பார்க்கும் eservices.tn.gov.in என இரண்டு நிலையான பக்கங்களைக் குறித்தேன். அவற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, குரோமின் அந்த மூன்றாவது வழியில் "Use current pages" அழுத்தினால் போதும். ஆனால் தளத்தின் முதல் பக்கத்தில் நிற்கும்போதே அழுத்த வேண்டும். படிவத்தின் நடுவே நிற்கும்போது அழுத்தினால், காலாவதியான முகவரி பதிவாகி, தினமும் பிழைச் செய்தியோடு உலாவி திறக்கக்கூடும்.

பதிவிறக்கத்திலும் இரண்டு வழிகள்: எப்போதும் ஒரே கோப்புறையில் சேமிப்பது, அல்லது ஒவ்வொரு முறையும் இடம் கேட்பது. கேட்கும் வழி ஒழுங்கானதாகத் தோன்றினாலும், கோப்புறை என்றால் என்னவென்று பழகாதவர் அந்தப் பெட்டியில் எதையாவது அழுத்திவிடுவார். கோப்பு எங்கே போனது என்று பிறகு அவருக்கே தெரியாது. ஆகவே பெரியப்பாவின் முகப்புத் திரையில் "தோட்டம்" என்று ஒரு கோப்புறை உருவாக்கி, குரோமின் "Downloads" பகுதியில் இடத்தை அதற்கு மாற்றி, இடம் கேட்கும் தேர்வை அணைத்துவைத்தேன். பென் டிரைவை அந்த இடமாகக் குறிக்கக் கூடாது. அடுத்த முறை செருகும்போது கணினி அதற்கு வேறு டிரைவ் எழுத்தைக் கொடுத்துவிடலாம், அப்போது குறித்த இடம் பொருந்தாது.

மாற்றத்துக்கு முன் இறக்கியவை பழைய கோப்புறையிலேயே கிடக்கும். அவற்றை நாமேதான் நகர்த்த வேண்டும். அங்கே ஒரே சிட்டா (1), (2), (3) என்ற எண்களோடு நான்கு பிரதிகளாக இருந்தது. கோப்பு இறங்கவில்லை என்று நினைத்து அவர் திரும்பத் திரும்ப அழுத்தியிருக்கிறார் என்பது அதிலிருந்துதான் தெரிந்தது. இப்போது சிட்டாவை ஒருமுறை இறக்கியதும் Ctrl+J அழுத்திப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே "தோட்டம்" கோப்புறையைத் திறக்கிறார்.